பணிந்து வேண்டாத விண்ணப்பம்

விளம்பரம் ஐந்தே வரி. மாதுங்காவில் ஒரு கிளினிக்குக்கு வரவேற்பாளர் தேவை, பெண்ணாக இருக்க வேண்டும், தமிழும் ஆங்கிலமும் இந்தியும் தெரிந்திருக்க வேண்டும். மரியாதை, தெளிவான பேச்சு, நெருக்கடியில் நிதானம் ஆகிய மூன்றும் அவசியம். நற்சான்றிதழுடன், சொந்தக் கையெழுத்தில் எழுதி, பத்திரிகையின் பெட்டி எண்ணுக்கு அனுப்ப வேண்டும்.

அதை நான் வாசித்தது தாராவியில், நான் வேலை பார்த்த டிஸ்பென்சரியில். நோயாளி ஒருவர் விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகை பெஞ்சில் கிடந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. பள்ளியிறுதி எஸ்.எஸ்.சி. தேறிய கையோடு அந்த டிஸ்பென்சரியில் சேர்ந்தவள். வருகிறவர்களின் பெயரைக் கேட்டு கேஸ் பேப்பரை எடுத்துவைப்பது, வரிசைப்படி உள்ளே அனுப்புவது, டெலிபோன் எடுப்பது, கம்பவுண்டர் கலக்கிக் கொடுக்கும் மிக்ஸரை எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது எல்லாம் என் வேலை. ‘ரிசப்ஷனிஸ்ட்’ என்று அங்கே யாரும் என்னைச் சொன்னதில்லை. டாக்டருக்கு நான் ‘லட்கி’, வெறும் ‘பெண்ணே’. வருகிறவர்களுக்கு ‘மருந்துக்கடைப் பிள்ளை’. விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான், இத்தனை நாளும் நான் செய்துவந்த வேலைக்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது.

டாக்டர் மராத்திக்காரர், வயதானவர், கைராசிக்காரர். எங்களிடம் இந்தியில்தான் பேசுவார். அன்று கூட்டம் வடிந்ததும் உள்ளே போய், எனக்கு ஒரு சர்டிஃபிகேட் வேண்டும் என்றேன்.

“எதற்கு?”

“மாதுங்காவில் ஒரு வேலைக்கு எழுதப் போகிறேன்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நான் எழுதிக் கொடுத்தால் நீ போய்விடுவாய். போகிறவளுக்கு நானே வண்டி பிடித்துக் கொடுக்கவா?”

“நான் நன்றாக வேலை செய்கிறேனா இல்லையா, அதை மட்டும் எழுதினால் போதும்.”

“நன்றாகச் செய்கிறாய். அதனால்தான் எழுத மாட்டேன்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை சரியில்லை என்று மறுத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நன்றாகச் செய்கிறேன் என்பதையே என் காலுக்குக் கட்டாகப் போட்டதுதான் பொறுக்கவில்லை. சர்டிஃபிகேட் இல்லாமலே எழுதுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவே, மத்தியானங்களில், மாதுங்காவில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மார்க்கெட்டுக்கு எதிரே, மாடியில். அங்கே படித்த எல்லோருக்கும் வேலை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர் அதை நடத்திய மாஸ்டர்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் தயாராக ஒரு மாதிரிக் கடிதம் உண்டு. பெயரையும் விளம்பரத் தேதியையும் மாற்றிப் போட்டுக்கொண்டால் போதும். ‘பணிந்து வேண்டிக்கொள்கிறேன்’ என்று தொடங்கும். ‘தங்கள் மிகத் தாழ்மையான, கீழ்ப்படிந்த ஊழியர்’ என்று முடியும். நடுவில் ‘என் மேலதிகாரிகள் முழுத் திருப்தி அடையும்படி நடந்துகொள்வேன்’ என்று ஒரு வரி.

நானே எழுதிய கடிதத்தை, ஆங்கிலம் திருத்தித் தரச் சொல்லி, அவரிடம் கொடுத்தேன். ஒருமுறை வாசித்தார். மறுபடியும் முதல் வரிக்குப் போனார்.

“‘ஐ பெக்’ எங்கே காணோம்?”

“போடலை சார்.”

“அது இல்லாம எப்படிம்மா? எல்லாரும் அப்படித்தானே எழுதறா.”

“‘பெக்’குன்னா கெஞ்சுறதுதான சார்? நான் வேலைதான கேக்கேன்.”

“அது ஒரு மரியாதை. அர்த்தம் பாக்கப்படாது.”

“மரியாதை வேணுங்குற இடத்துல எல்லாம் இருக்கு சார். பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “இதை வாசிக்கிறவா உன்னைத் திமிர் பிடிச்சவள்னு நினைச்சுப்பா,” என்றார். பிறகு, எழுத்துப் பிழை இரண்டைச் சிவப்புப் பென்சிலால் திருத்தி, ஒரு ‘தி’யைச் சேர்த்து, என் கையில் கொடுத்தார். அதற்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் இலக்கணத்தைச் சரியாகத்தான் திருத்தினார்.

வீட்டில் வேறு மாதிரி. அப்பா தோல் பதனிடும் கம்பெனியில் வேலை பார்த்தார். அண்ணன் ஒரு லேத் பட்டறையில். நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல தாளில் கடிதத்தைப் பிரதி எடுத்தேன். அண்ணன் மனைவி, என் மைனி, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் முகவரி எழுதும் இடம் தெரியும்.

“மேல என்ன எழுதிருக்க?”

“நம்ம அட்ரஸ்.”

“தாராவின்னா?”

“பின்ன?”

“ஏட்டி, கூறு கெட்டவளே. மாதுங்காக்காரன் தாராவின்னு பாத்தா மேக்கொண்டு படிப்பானா? மாதுங்கா பக்கத்துல கிங்ஸ் சர்க்கிள்ல எங்க சித்தப்பா மவன் ஓட்டல்ல நிக்கான்லா, அவன் அட்ரஸப் போடு. லெட்டர் வந்தா வாங்கியாந்து குடுப்பான்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றி, வெளியே கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். எத்தனை குளித்தாலும் கம்பெனி வாசனை அவர் மேல் கொஞ்சம் இருக்கும். மைனி சொன்னது அவருக்கும் சரியென்று படுகிறது என்பது முகத்தில் தெரிந்தது.

“அவ சொல்லுததுலயும் நியாயம் இருக்கும்மா,” என்றார் மெதுவாக. “ஒரு அட்ரஸ்தான.”

“சேந்தப்பொறம் கேட்டா?”

“அப்பம் பாத்துக்கிடலாம்.”

“அப்பம் ஒவ்வொரு நாளும் பாத்துக்கிடணும்ப்பா. பஸ் ஸ்டாப்ல யாரும் பாக்காவளான்னு பாக்கணும். நீங்க என்னையத் தேடி வந்தா வெளிய நிக்கச் சொல்லணும்.”

மைனி, “பொழைக்கத் தெரியாதவ,” என்று சொல்லிவிட்டு, விளக்குத் திரியை எனக்கு வெளிச்சம் விழும்படி ஏற்றிவைத்தாள்.

அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை. ஆனால் அத்தனை தடவை அடித்து எழுதியதால் மனத்தில் நின்றுவிட்டது. தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்:

‘ஐயா அல்லது அம்மையீர்,

தங்கள் கிளினிக்கில் வரவேற்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். எஸ்.எஸ்.சி. தேறியிருக்கிறேன். டைப்பிங் படித்துவருகிறேன். தமிழும் இந்தியும் ஆங்கிலமும் பேசவும் எழுதவும் தெரியும். மராத்தி பேசுவேன். தற்போது தாராவியில் ஒரு டிஸ்பென்சரியில் இதே வேலையைச் செய்துவருகிறேன்.

நற்சான்றிதழ் இணைக்கவில்லை. என்னை அனுப்ப மனமில்லாததால் என் டாக்டர் தர மறுத்துவிட்டார்.

தாங்கள் கேட்டிருக்கும் மூன்றைப் பற்றி: எங்களிடம் வருகிறவர்களில் பலரை வேறெங்கும் யாரும் மரியாதை கொடுத்து அழைப்பதில்லை. நான் எல்லோரையும் மரியாதையோடுதான் அழைக்கிறேன். மருந்து எத்தனை வேளை என்று சொன்ன பிறகு, அதை எனக்குத் திருப்பிச் சொல்லும்படி கேட்பேன். சரியாகச் சொன்ன பிறகே அனுப்புவேன். கூட்டம் நெருக்கும்போது நான் சத்தம் போடுவதில்லை. வரிசையை மீறி ஒருவரை உள்ளே அனுப்ப நேர்ந்தால், அதற்கான காரணத்தை எல்லோரும் கேட்கும்படி சொல்வேன். காரணம் தெரிந்தால் பெரும்பாலானவர்கள் காத்திருக்கிறார்கள்.

இவற்றை நானே சொல்லிக்கொள்வதால் தாங்கள் நம்ப வேண்டியதில்லை. டிஸ்பென்சரியின் டெலிபோன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். வேலை நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பாருங்கள். யார் என்று சொல்லத் தேவையில்லை. எடுப்பது நானாகத்தான் இருக்கும்.

உண்மையுள்ள,’

கீழே என் பெயர். மேலே தாராவி முகவரி, எங்கள் வீட்டு வரிசையின் எண்ணோடு.

தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் நான் என்ன காரியம் செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. அன்று முதல் ஒவ்வொரு தடவை டெலிபோன் மணி அடிக்கும்போதும் அது அவர்களாக இருக்கலாம். டாக்டர் என்பதால் சீக்கிரம் கிடைத்திருந்த இணைப்பு அது. சுற்றுவட்டாரத்தில் வேறு போன் கிடையாது. பட்டறைக்காரர்களுக்கும் அதில்தான் அழைப்பு வரும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அடிக்கும். முதல் இரண்டு நாள் ரிசீவரை எடுக்கும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. எப்போதும் பேசுகிறபடி பேசினால் போதும் என்றுதானே எழுதியிருக்கிறேன்? பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன்.

அந்த வாரத்தில் மறக்க முடியாத அழைப்புகள் இரண்டு.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் குரல் தமிழில், ரகசியம் போலப் பேசியது. “எங்க பக்கத்தாத்துப் பொண்ணு நேத்து உங்க டாக்டரைப் பாக்க வந்தாளாமே. என்ன உடம்பு அவளுக்கு?”

“அத நான் சொல்றதுக்கில்லம்மா.”

“நான் அவளுக்கு ரொம்ப வேண்டியவ.”

“இருக்கலாம்மா. நீங்க அவங்ககிட்டயே கேட்டுக்குங்க. யாரு வந்தாங்க, வரலைங்கறதைக்கூட நாங்க சொல்றதில்ல.”

“சொன்னா என்ன குறைஞ்சிடும்?”

“நாளைக்கு உங்களப் பத்தி ஒருத்தர் கேட்டாலும் இதையேதான்மா சொல்லுவேன்.”

அந்தப் பக்கம் ரிசீவரை வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று வந்தது டாக்டர் வெளியே விசிட்டுக்குப் போயிருந்த நேரத்தில். தெருக்கோடிப் பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் விரல் மாட்டிய ஓர் ஆளை நாலு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கையில் சுற்றியிருந்த துண்டு முழுக்க ரத்தம். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பாஷையில் கத்தினார்கள். பெஞ்சில் இருந்த குழந்தைகள் அழ ஆரம்பித்தன. கம்பவுண்டர் சுத்தத் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் அந்த ஆளைக் கீழே படுக்கவைத்து, அவர் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும்படி கூட வந்தவர்களில் ஒருவரிடம் சொன்னேன். மற்றவர்களில் ஒருவரை டாக்ஸி பிடிக்க அனுப்பினேன். இங்கே தைக்கிற காயம் இல்லை, சயானில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும். அது எனக்கும் தெரிந்தது, கம்பவுண்டருக்கும் தெரிந்தது. அவர் துணியை வைத்து அழுத்திக் கட்டத் தொடங்கினார்.

அப்போது போன் அடித்தது. எடுத்தேன். ஓர் ஆண் குரல், ஆங்கிலத்தில், அதட்டலாக. டாக்டரை உடனே கூப்பிடு, நான் முக்கியமான ஆள் என்றது.

டாக்டர் விசிட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். “இங்கே ஒருவருக்கு ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது, சார். உங்கள் விஷயம் உயிருக்கு ஆபத்தானதா?”

“இல்லை. ஆனால் நான் காத்திருக்க மாட்டேன்.”

“அப்படியானால் தயவுசெய்து உங்கள் எண்ணைச் சொல்லுங்கள். இவரை வண்டியில் ஏற்றியதும் நானே கூப்பிடுகிறேன்.”

“நீ யார் எனக்கு நேரம் சொல்வதற்கு?”

“இந்த டிஸ்பென்சரியில் வரிசையைப் பார்த்துக்கொள்கிறவள், சார். எண்ணைச் சொல்லுங்கள்.”

சொன்னார். கேஸ் பேப்பரின் ஓரத்தில் எழுதிக்கொண்டு வைத்துவிட்டேன். டாக்ஸி வந்தது. ஏற்றி அனுப்பினோம். பெஞ்சில் இருந்தவர்களிடம், அவருக்கு விரல் நசுங்கியிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, டாக்டர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து வரிசை தொடரும் என்று தமிழிலும் இந்தியிலும் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு அந்த எண்ணைச் சுழற்றினேன். அதே குரல் எடுத்தது. நான் பேசத் தொடங்குவதற்குள், “இனித் தேவையில்லை,” என்று வைத்துவிட்டது. மரியாதை தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு கார்டு வந்தது, தாராவி முகவரிக்கே. சனிக்கிழமை மதியம் நேரில் வரும்படி.

கிளினிக் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. கணவன் மனைவி இருவருமே டாக்டர்கள். அவர் பொது வைத்தியம், அந்த அம்மாள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாதுங்காவில் வெகுநாளாக இருக்கிறவர்கள். காத்திருக்கும் அறையில் பிரம்பு நாற்காலிகள். சுவரில் நேரம் எழுதிய பலகை. உள்ளே இருவரும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். என் கடிதம் நடுவில் இருந்தது.

“உக்காரு,” என்றார் அந்த அம்மாள்.

அவர் கணவர் உட்காரச் சொல்லவில்லை. அவர் பேச வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அதட்டல் குரல்.

“இந்த லெட்டர் அப்ளிகேஷன் மாதிரியே இல்லை,” என்றார். “எங்களுக்கு ஆர்டர் போடற மாதிரி இருக்கு. ‘கூப்பிட்டுப் பாருங்கள்’னு.”

“கூப்பிட்டுப் பாத்தேளோன்னோ,” என்றார் அந்த அம்மாள், கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நானும் பாத்தேன். பக்கத்தாத்துப் பொண்ணுக்கு என்ன உடம்புன்னு கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டா.” பிறகு என்னைப் பார்த்தார். “இதுக்கு முன்னாடி இங்க இருந்தவள் யார் கேட்டாலும் சொல்லுவள். அதனாலதான் அவளை நிறுத்தினோம்.”

டாக்டர் தொண்டையைச் செருமினார். “அன்னிக்கு யாருக்கோ ரத்தம்னு சொன்னியே. நிஜமா, இல்லை என்னைத் தட்டிக்கழிக்கவா?”

“நிஜம் சார். பிரஸ்ல விரல் மாட்டினவரு. ரெண்டு விரலு போயிட்டு.”

அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“வேலை விஷயம் எல்லாம் சரி. இந்த அட்ரஸ்தான். இங்க வரவா எல்லாரும் ஒரு தினுசானவா. நீ எங்கேர்ந்து வரேன்னு கேப்பா. எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனா அவா மனசைப் பாக்கணும். மாதுங்காவிலயோ சயான்லயோ உனக்குத் தெரிஞ்சவா இருந்தா, அந்த அட்ரஸைப் போட்டு இதையே இன்னொரு தடவை எழுதிக் குடுத்துடு. நாங்க ஃபைல்ல வெச்சுக்கறோம். யாராவது கேட்டா அதையே சொல்லு.”

மைனியும் அப்பாவும் சொன்னபோது வந்தது வருத்தம். இப்போது வந்தது வேறு. காது சூடாயிற்று. குரல் உயர்ந்தால் நான் தோற்றேன் என்று தெரியும். உயர்த்தவில்லை.

“சார், அந்தக் கடுதாசில நான் எழுதினதெல்லாம் உண்மைன்னு நம்பித்தான் என்னைக் கூப்பிட்டீங்க. முதல் வரியப் பொய்யா மாத்திட்டா, மத்த வரிய நீங்க எப்படி நம்புவீங்க?”

“இது பொய்யின்னு இல்லைம்மா. ஒரு அட்ஜஸ்ட்மெண்ட்.”

“உங்க பேஷண்ட் என்னைய நேராப் பாத்துக் கேப்பாங்க சார். அப்ப நான் சொல்லப்போறது பொய்தான். நோயாளியோட சமாச்சாரத்த வெளிய சொல்லாம இருக்கிறது என் வேலை. என் வீடு எங்கன்னு மறைக்கிறது என் வேலை இல்ல.”

“அப்போ இந்த வேலை வேண்டாமா உனக்கு?”

“வேணும் சார். தாராவிலேர்ந்து வர்றவளுக்குக் குடுப்பீங்கன்னா வேணும்.”

எழுந்தேன். இருவருக்கும் வணக்கம் சொன்னேன். அந்த அம்மாளுக்கு, கூப்பிட்டதற்கு நன்றி என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் வந்திருந்தால், கடிதத்தில் எழுதிய மரியாதை எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்டிருக்கலாம். கேட்க இடம் கொடுக்கக்கூடாது என்று இருந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ரயில்வே பாலம் ஏறி இறங்கி, வீடு வரை நடந்தே போனேன். அழுதேனா என்று மைனி கேட்டாள். இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். வழியெல்லாம் இன்னும் என்னென்ன சொல்லியிருக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை மாலை டிஸ்பென்சரிக்குள் நுழைந்ததும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

“என் போன் நம்பரை ஊருக்கெல்லாம் எழுதி அனுப்புகிறாயா?”

“ஒரே ஒருவருக்குத்தான் எழுதினேன்.”

“யாரைக் கேட்டு?”

“அது வெளியே போர்டில் பெரிய எழுத்தில் இருக்கிறது, டாக்டர். நீங்கள்தான் எழுதிவைத்தீர்கள்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். மாதுங்காவிலிருந்து அந்த லேடி டாக்டர் மத்தியானம் கூப்பிட்டாளாம். ‘உங்களிடம் இருக்கும் பெண் எப்படி’ என்று ஒரு டாக்டரை இன்னொரு டாக்டர் கேட்பது போலக் கேட்டாளாம்.

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“சண்டை போட்டேன். இது என்ன நியாயம் என்று கேட்டேன். இவளைக் கூட்டிக்கொண்டு போனால் என் கதி என்ன? கூட்டம் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும். எவன் எந்த மருந்தை எத்தனை வேளை குடிப்பான் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் கம்பவுண்டர் ஒரு வாரத்தில் ஓடிவிடுவார். அனுப்பவே மாட்டேன் என்று சொன்னேன்.” அவர் கண்ணாடியைத் துடைத்தார். “அவள், ‘ரொம்ப நன்றி டாக்டர், இதைவிட நல்ல சர்டிஃபிகேட்டை நான் பார்த்ததில்லை’ என்று வைத்துவிட்டாள்.”

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

சற்று நேரத்தில் போன் அடித்தது. அந்த அம்மாள்தான். “அடுத்த மாசம் முதல் தேதி எட்டரைக்கு வந்துடு. லெட்டரை நீ எழுதினபடியேதான் ஃபைல்ல வெச்சிருக்கேன். என்னவர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வெச்சுண்டு இருப்பர். அதை நீ பொருட்படுத்தாதே.”

“சரிங்கம்மா. ஆனா இங்க இன்னொருத்தருக்கு வேலையக் காட்டிக் குடுத்துட்டுத்தான் வருவேன். அதுக்கு ஒரு வாரம் கூடப் பிடிச்சாலும் பிடிக்கும்.”

“உன் இஷ்டம்னு சொன்னா நன்னா இருக்காது. சீக்கிரம் வா.”

மைனியின் ஊர்க்காரப் பெண் ஒருத்திக்குப் பழக்கிவிட்டுக் கிளம்பினேன். டாக்டர் கடைசி நாள் ஒரு காகிதத்தை நீட்டினார். சர்டிஃபிகேட். நான்கு வரி, தாராளமான புகழ்ச்சி. வாங்கி வாசித்துவிட்டு, “கேட்டபோது கொடுத்திருக்கலாம், டாக்டர்,” என்று சொல்லி, அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தேன். கோபத்தில் செய்ததில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை. அவர் அதைப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மாதுங்காவில் முதல் நாள், பதினொரு மணிக்கு டீ வந்தது. வேலைக்கார அம்மாள் டாக்டர்களுக்கும் கம்பவுண்டருக்கும் பீங்கான் கோப்பையில் கொண்டுவந்தாள். எனக்கு மட்டும் ஓர் எவர்சில்வர் தம்ளர். அடியோரத்தில், மற்றவற்றோடு கலந்துவிடாதபடி, சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருந்தது.

“இது யாரோடது?” என்று கேட்டேன்.

அவள் டாக்டரின் அறைப் பக்கம் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது. நன்றி சொல்லி வாங்கினேன். உள்ளே போய் டீயைத் தொட்டியில் ஊற்றி, தம்ளரைக் கழுவித் துடைத்து, கொண்டுவந்து கவுண்டர்மேல் வைத்தேன். என் பென்சில்கள், பேனா, ரப்பர் எல்லாவற்றையும் அதில் போட்டேன். வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் முதலில் படும் இடம் அது.

மாலையில் டாக்டர் வெளியே வந்து, ஒரு மருந்துப் பெயரைக் குறிக்க, தம்ளரிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். எடுத்த பிறகுதான் எதிலிருந்து எடுத்தோம் என்று பார்த்தார். கையில் பென்சிலோடு கொஞ்சம் நின்றார். நான் அடுத்த நோயாளியின் கேஸ் பேப்பரை அவரிடம் நீட்டி, “மூணாவது தடவையா வர்றாங்க சார், இருமல் இன்னும் நிக்கல,” என்றேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் பதினொரு மணிக்கு எனக்கும் பீங்கான் கோப்பையில் டீ வந்தது. சர்க்கரை கம்மியாக இருந்தது. குடித்தேன்.